மந்தம் என்ற சொல்

குடும்பநல உத்தியோகத்தர் சிவதர்சினி இடமாற்றம் கிடைத்துத் திருகோணமலைக்குப் போனது புரட்டாதி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில். மல்லாவியிலிருந்து உள்ளே போனால் வரும் ஒரு குளத்துக் குடியேற்றத்தில் எட்டு வருடம் வேலை பார்த்தவர். பெட்டிகளை ஏற்றிய ஆட்டோவைப் பிரதான வீதிக்கு விடாமல், வாய்க்கால் கரையால் திருப்பச் சொல்லி, கௌசலாவின் வீட்டு வாசற்படலையில் நிறுத்தினார். இறங்கவில்லை. உள்ளே இருந்தபடியே நாலு கடதாசியை நீட்டினார்.

"சனிக்கிழமை மாதர் குழுவில தைரொயிட்டைப் பற்றிக் கதைக்கிறதா இருந்தன். புது மிஸ் வர ஒரு மாதம் செல்லும். நீர்தானே செயலாளர், நீர் வாசியும்."

"நானோ மிஸ்? என்ர குரலைக் கேட்டா நாய் எழும்பிக் குரைக்கும்."

"அதுதான் உம்மட்டைத் தாறன்."

கௌசலாவுக்கு அது விளங்கவில்லை. மிஸ் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இதில இருக்கிறது புத்தகத் தமிழ். அப்பிடியே வாசிச்சா சனம் நித்திரை கொண்டிடும். உம்மட சொல்லில மாத்தி எழுதும். கிளினிக்குக்கு வாரும் எண்டு இரண்டு தரம் சொன்னன், நீர் வரேல்லை. எழுதேக்குள்ளயாவது ஒவ்வொரு வரியிலயும் நிண்டு யோசியும்."

ஆட்டோ போனது. கடதாசியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டுதான் கௌசலா வீட்டுக்குள் போனாள். வெளியாட்கள் தந்த எதையும் பிரதீபன் கண்ணில் காட்டுவதில்லை என்பது அவள் அடி வாங்கிப் படித்த பாடங்களில் ஒன்று.

அவளுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. உயர்தரம் வரை படித்தவள். ஒரு காலத்தில் கச்சான் கடலை உடைக்க இருந்தால் அவளுக்கு முன்னால்தான் கோதுகள் மலையாய்க் குவியும். கலியாணம் முடித்த முதல் இரண்டு வருடமும் பிரதீபன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் கோயிலுக்குப் போனான். இரண்டு முறை வயிற்றில் தங்கியது தங்காமல் போன பிறகு அந்தக் கை கனக்கத் தொடங்கியது. எழும்பினால் இடுப்பு வராது. சித்திரை வெயிலிலும் போர்வை தேவைப்பட்டது. முகம் ஊதியது, குரல் கம்மியது, அடுப்பில் எதை வைத்தாள் என்பதை மறந்தாள். அரைக் கோப்பை சோறு தின்றாலும் உடம்பு பெருத்தது.

பிரதீபன் அதற்கு ஒரு பெயர் வைத்தான். "மந்தம், தேத்தண்ணி." "மந்தம், துவாய்." பிறகு பெயரோடு கையும் வந்தது. உழவு மெசின் ஓட்டுகிறவனின் கை. தேத்தண்ணி ஆறியிருந்தால் ஒரு அறை, சோறு பிந்தினால் முதுகில் ஒரு குத்து, பதில் பிந்தினால் மயிரைப் பிடித்துச் சுவரோடு ஒரு மோதல். மயிரும் அவன் பிடிக்க முதலே கொத்துக் கொத்தாய்க் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. சட்டை மறைக்கும் இடமாகப் பார்த்து அடிப்பான். மாமியார் கமலாசனி அடுத்த காணியில் இருந்தாள். சத்தம் கேட்டால் வானொலியைக் கூட்டிவிடுவாள்.

வியாழக்கிழமை காலை அவன் வயலுக்குப் போனதும் கௌசலா குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டுக் குந்தி, ஒரு பழைய கொப்பியில் எழுதத் தொடங்கினாள். 'குரல்வளையின் கீழே, கழுத்தின் முற்பகுதியில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ள சுரப்பி' என்றிருந்ததை, 'எங்கட தொண்டைக்கு முன்னால ஒரு வண்ணத்துப்பூச்சி குந்திக்கொண்டு இருக்கு' என்று மாற்றினாள். அது அவளுக்கே பிடித்திருந்தது. அந்தச் சுரப்பி விடுகிற சுரப்புக் குறைந்தால் உடம்பின் எல்லா வேலையும் குறையும் என்றிருந்தது. 'அடுப்பில விறகை இழுத்த மாதிரி' என்று எழுதினாள்.

பிறகு அறிகுறிகள். ஓயாத களைப்பு. குளிர் தாங்காமை. நிறை கூடுதல். மலச்சிக்கல். வறண்ட தோல். முடி உதிர்தல். ஒவ்வொன்றாக மாற்றி எழுதிக்கொண்டு வந்தவள் ஏழாவது வரியில் நின்றாள்.

'உடல் இயக்கமும் சிந்தனையும் மந்தமாதல்.'

முதலில், மிஸ் தன்னைப் பகிடி பண்ணத்தான் எழுதியிருக்கிறா என்று நினைத்தாள். ஊருக்கே தெரிந்த பெயர்தானே. பிறகு பார்த்தால் அது தட்டச்சு எழுத்து. கடதாசியின் அடியில் போன வருடத்துத் திகதி இருந்தது. அவளைத் தெரியாத யாரோ, எங்கோ ஒரு அரசாங்கக் கந்தோரில் இருந்து அந்தச் சொல்லை அடித்திருக்கிறார்கள். வசையாக அல்ல, வருத்தத்தின் பெயராக, ஒரு நோயின் பெயராக. எட்டாவது வரி, குரல் கம்முதல். ஒன்பதாவது, மாதவிடாய் ஒழுங்கு மாறுதல், அளவுக்கு மேல் இரத்தம் போதல். பத்தாவது, கரு தங்குவதில் சிரமம்.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. மெசின் சத்தம் முற்றத்துக்கு வந்த பிறகுதான், அரிசி இன்னும் களையாமலே கிடப்பதைக் கண்டாள்.

பிரதீபன் பானையைப் பார்த்தான். கொப்பியைப் பார்த்தான்.

"கந்தோர் உத்தியோகமோ பாக்கிறாய்?"

"மிஸ் தந்தவா. சனிக்கிழமைக்கு..."

அவன் அவளுடைய கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் கதவு நிலையோடு வைத்து நெரித்தான். இரண்டு கட்டை விரலும் தொண்டைக் குழிக்கு மேலே, சரியாக அந்த வண்ணத்துப்பூச்சி குந்தியிருக்கும் இடத்தில் இறங்கின. அவளுடைய கால் பலகையைத் தட்டிவிட்டது. கண்ணுக்குள் கறுப்பாகப் பூத்தது. சாகப்போகிறேன் என்பதைவிட, பத்தாவது வரிக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சாகப்போகிறேனே என்றுதான் அவளுக்கு ஓடியது. அவன் விட்டான். அவள் அடுப்படியில் விழுந்து இருமிக்கொண்டு கிடக்க, மிஸ் தந்த முதல் கடதாசியை எடுத்து மெசின் எண்ணெய் பிடித்த கையைத் துடைத்து, சுருட்டி அவள் முகத்தில் எறிந்தான்.

"இன்னும் அரை மணித்தியாலத்தில சோறு, மந்தம்."

அவள் சோறு வைத்தாள். அவன் தின்றுவிட்டுப் போன பிறகு கடதாசியை நீவி விரித்து, மிச்சத்தையும் எழுதி முடித்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் முன்பள்ளிக் கட்டிடத்தில் பதினெட்டுப் பெண்கள் சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்தார்கள். தலைவி பிரேமிளா, புருசன் இல்லாமல் இரண்டு ஏக்கர் வயலைத் தனியாகச் செய்கிறவள், கூட்டத்தைத் தொடங்கிவைத்தாள். கமலாசனியும் முன்வரிசையில் இருந்தாள். கௌசலா கழுத்தைச் சுற்றிச் சால்வையைப் போட்டுக்கொண்டு எழும்பினாள்.

வண்ணத்துப்பூச்சி என்றதும் பவளராணி சிரித்தாள். எலும்பும் தோலுமான, வாய் ஓயாத பெண். "எனக்குள்ள இருக்கிறது குளவி" என்றாள்.

கௌசலா கம்மிய குரலில் வாசித்தாள். விறகை இழுத்த அடுப்பு. களைப்பு, குளிர், நிறை. ஏழாவது வரிக்கு வந்ததும் சுட்டுவிரலை அந்த வரியின் கீழ் வைத்தாள். எல்லாச் சொல்லையும் மாற்றி எழுதியவள் அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தாள். "மந்தமாகிறது" என்று வாசித்தாள். யாரும் சிரிக்கவில்லை. கமலாசனி மட்டும் செருப்பைத் திருத்திப் போட்டாள்.

"இது சுரப்புக் குறைஞ்சால். கூடினால் மற்றப் பக்கம். விறகை அள்ளித் தள்ளின மாதிரி. நல்லாச் சாப்பிட்டும் மெலியிறது, நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்கிறது, வேர்க்கிறது, வயித்தால போறது, நித்திரை வராது, எரிச்சலும் கோபமும்..."

"அப்ப எங்கட மனிசன்மார் முழுப்பேருக்கும் அதுதான்" என்றாள் பவளராணி. கட்டிடம் அதிரச் சிரித்தார்கள். கமலாசனியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பிறகு எங்கே கொண்டுபோய் விடும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

"கையை நீட்டும் பாப்பம்" என்றாள் கௌசலா. பவளராணி நீட்டிய விரல்கள் அரசிலை மாதிரி நடுங்கின. சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

கடைசிக் கடதாசியில் ஒரு சோதனை இருந்தது. கண்ணாடிக்கு முன்னால் நின்று, நாடியைக் கொஞ்சம் நிமிர்த்தி, ஒரு வாய் தண்ணீர் விழுங்க வேண்டும். விழுங்கும்போது தொண்டைக்குக் கீழே வீக்கமோ கட்டியோ மேலே ஏறி இறங்கினால் டொக்டரிடம் காட்ட வேண்டும். இதில் ஒன்றும் தெரியாவிட்டால் வருத்தம் இல்லை என்று அர்த்தமில்லை, இரத்தம் சோதித்தால்தான் தெரியும்.

பிரேமிளா செம்பில் தண்ணீரும் ஒரு முகக்கண்ணாடியும் கொண்டுவந்தாள். "செயலாளர் முதல்ல செய்து காட்டட்டும்."

"வேற ஆரும் செய்யுங்கோ."

"வாசிச்ச நீர்தான் செய்ய வேணும். சால்வையை எடும்."

அவள் எடுக்கவில்லை. பிரேமிளாதான் விளையாட்டாக இழுத்தாள். கௌசலா நாடியை நிமிர்த்தினாள், செம்பை வாயில் வைத்தாள், விழுங்கினாள். வலியில் பாதித் தண்ணீர் வெளியே வந்தது. கழுத்தின் இரண்டு பக்கமும் நாலு நாலு விரலும், நடுவில் இரண்டு கட்டை விரலும் நாவற்பழ நிறத்தில் கிடந்தன.

முன்பள்ளிச் சுவரில் பிள்ளைகள் கையில் நிறம் பூசி அப்பிய அடையாளங்கள் இருந்தன. பதினெட்டுப் பேரும் சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"ரத்தம் சோதிக்கிறதுக்குச் சாப்பிடாமல் போகத் தேவையில்லை" என்று கௌசலா கடைசி வரியை வாசித்தாள். "கைநரம்பில கொஞ்ச ரத்தம் எடுப்பினம். கேட்க வேண்டிய பேர் ரி.எஸ்.எச். அறிகுறியைச் சொன்னா வெளிநோயாளர் பிரிவு டொக்டர் எழுதித் தருவார்."

"நீர் எத்தினை சொல்லிக்கொண்டு வந்தீர்?" என்று பிரேமிளா கேட்டாள். "பத்தோ? பத்தும் உமக்கு இருக்கு. திங்கட்கிழமை காலமை ஏழு மணி பஸ். பவளராணியும் வாறா. நானும் வாறன்."

திங்கட்கிழமை ஆறரைக்குக் கௌசலா கைப்பையும் கொப்பியுமாக முற்றத்தில் இறங்கினாள். பிரதீபன் மெசினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். தாய் எல்லாம் சொல்லியிருந்தாள்.

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. ரத்தம் சோதிக்க."

"ரத்தம் எடுக்கிறதுக்கு ஆஸ்பத்திரி என்னத்துக்கு?" என்று அவன் மண்வெட்டியின் பிடியைக் கழற்றினான். ஆறுதலாக, அவசரமில்லாமல் ஆணியைத் தட்டித்தான் கழற்றினான். அவளுக்கு ஓடவும் நேரம் இருந்தது. கால்தான் வரவில்லை. முதல் அடி முழங்காலில் விழுந்தது. அவள் நிலத்தில் இருந்துவிட்டாள். இரண்டாவது இடது கையில். ஏதோ காய்ந்த தடி முறிந்த சத்தம் அவளுடைய கைக்குள் இருந்துதான் வந்தது. மூன்றாவது அடி நெற்றியைப் பிளந்தது. "சோதி, சோதி" என்று சொல்லிச் சொல்லி அடித்தான். கண்ணுக்குள் இரத்தம் ஓடியதால் அவன் சிவப்பாகத்தான் தெரிந்தான்.

அடுத்த காணியில் வானொலிச் சத்தம் கூடியது. அதையும் மீறிக் கேட்டது பவளராணியின் குரல். பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போக வந்திருந்த இரண்டு பேரும் படலையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். பிரேமிளா கையில் அகப்பட்ட உலக்கையை அவனுடைய தோளில் இறக்கினாள். அவன் பிடியை விட்டுவிட்டு நின்றான். பெண் ஒருத்தி திருப்பி அடிப்பாள் என்பது அவனுடைய கணக்கில் இல்லை.

ஆஸ்பத்திரியில் நெற்றிக்கு ஒன்பது தையல் போட்டார்கள். தைத்துக்கொண்டிருந்த இளம் டொக்டரிடம் கௌசலா கேட்டாள்: "டொக்டர், இந்த ரத்தத்திலயே ரி.எஸ்.எச். பாக்கலாமோ?"

அவள் பினாத்துகிறாள் என்று அவர் நினைத்தார். பிரேமிளா இரத்தம் தெறித்த கொப்பியை நீட்டினாள். டொக்டர் வாசித்தார். அவளுடைய ஊதிய கண்ணிமையைப் பார்த்தார், நாடி பிடித்துப் பார்த்தார், சுத்தியலால் முழங்காலையும் குதிக்காலையும் தட்டினார். தட்டிய கால் முன்னே வந்தது. திரும்பிப் போகத்தான் நேரமெடுத்தது. "வழிஞ்ச ரத்தம் சரிவராது அம்மா" என்று சொல்லி, முறியாத கையில் ஊசி ஏற்றிப் புதிதாக எடுத்தார். எலும்பு முறிவுக்காக மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஆஸ்பத்திரிப் பொலிஸ் முறைப்பாடு எழுதியது. அன்று பின்னேரமே பிரதீபனைப் பிடித்தார்கள்.

பத்து நாளில் பதில் வந்தது. நாலுக்குள் இருக்க வேண்டியது அவளுக்கு அறுபத்தெட்டு இருந்தது. தைரொக்சின் குளிசை எழுதினார்கள். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. தேத்தண்ணியும் சாப்பாடும் அரை மணித்தியாலத்துக்குப் பிறகு. இரும்புச்சத்துக் குளிசை நாலு மணித்தியாலம் தள்ளி. ஆறு கிழமையில் திரும்ப இரத்தம். சுகம் என்று நினைத்துத் தானாக நிறுத்தக் கூடாது. பவளராணிக்கு மற்றப் பக்கம், சுரப்புக் கூடியிருந்தது. அவளுக்கு வேறு குளிசை.

கௌசலா பிரேமிளாவின் வீட்டில் இருந்தாள். பிரதீபன் பிணையில் வந்தபிறகு ஒருநாள் கமலாசனி அங்கே வந்தாள். கதிரை போட்டும் இருக்கவில்லை.

"பிள்ளை, நான் யோசிச்சுப் பாத்தன். நீ வாசிச்சாய்தானே, கோபம் எரிச்சல் எல்லாம் அந்த வருத்தத்தில வருமெண்டு. அவனுக்கும் அதுதான். அவன் கெட்டவனில்லை. வழக்கை எடுத்துப்போட்டு வா. இரண்டு பேரும் குளிசை போட்டுக்கொண்டு இருங்கோ."

"பவளராணிக்கும் அதே வருத்தம்தானே" என்றாள் பிரேமிளா. "அவள் ஆரையும் மண்வெட்டிப் பிடியால அடிச்சவளோ?"

கௌசலாவுக்குள் ஒரு கதவு திறந்திருந்தது. தன்னுடைய மந்தத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது போல அவனுடைய கைக்கும் ஒரு பெயர் கிடைத்தால்? கோயிலுக்குக் கைபிடித்துப் போன அந்த இரண்டு வருடமும் குளிசையில் திரும்பி வருமென்றால்?

"அவருக்கும் சோதியுங்கோ மாமி" என்றாள். "வருத்தம் எண்டால் வாறன்."

பிரேமிளா குசினிக்குள் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள்.

பதினொரு நாள். ஒவ்வொரு நாளும் குளிசையைப் போட்டுவிட்டு, தேத்தண்ணிக்குக் காத்திருக்கும் அரை மணித்தியாலம் முழுக்கக் கௌசலா அவனுடைய சோதனைக் கடதாசியைத்தான் நினைத்தாள். முறிந்து பொருந்திய கை விரல் நுனியில் விறைத்திருந்தது. ஆனால் உடம்பில் ஏதோ இளகத் தொடங்கியிருந்தது. காலையில் எழும்பினால் இடுப்பு வந்தது. நல்லூர்க் கோயிலுக்கு நேர்த்தி வைத்தாள். அவனுக்கு வருத்தம் இருக்க வேண்டும் என்று.

கமலாசனி சோதனைக் கடதாசியை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தாள். அவளுக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. "நீயே வாசி" என்றாள்.

ஒன்று தசம் எட்டு. மற்ற எண்ணும் அதன் எல்லைக்குள் அழகாக இருந்தது. கௌசலா இரண்டு தரம் பார்த்தாள். பெயரையும் பார்த்தாள்.

"சரியோ, பிழையோ?"

"சரி மாமி. எல்லாம் சரியா இருக்கு."

கமலாசனியின் முகம் மலர்ந்தது. "அப்ப வருவியோ?"

"அதாலதான் மாமி வரேல்லை."

கமலாசனிக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் கடதாசியைப் பறித்துக்கொண்டு, "மந்தம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சொல் முற்றத்தில் விழுந்து கிடந்தது. கோழி ஒன்று அதன்மேல் நடந்து போனது.

வழக்கில் அவனுக்குத் தண்டமும் ஒத்திவைத்த சிறைத் தண்டனையும் விழுந்தன. மெசினை விற்றுவிட்டு நெடுங்கேணிப் பக்கம் போனான் என்று கேள்வி. கௌசலா குழுவின் அரிசிமா ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆறு மாதத்தில் முகம் வடிந்தது. ஒரு வருடத்தில் எண் மூன்றுக்கு வந்தது. கச்சான் உடைக்க இருந்தால் பவளராணி கதையை நிறுத்திவிட்டு அவளுடைய கையைப் பார்த்தாள். இடது கை மட்டும் முழுக்க நீளாது. அந்தக் கொப்பியைக் கொண்டு தண்ணீரூற்றுக் கிராமம் வரை பன்னிரண்டு குழுக்களில் வாசித்தாள். எண்ணெய்க் கை பதிந்த கடதாசியை அதன் முன்பக்கத்தில் ஒட்டியிருந்தாள். கடைசியில் தன்னுடைய தொலைபேசி எண்ணைச் சொல்லி, எழுதச் சொல்லுவாள். ஏழாவது வரியில் அந்தச் சொல்லை அவள் ஒருநாளும் மாற்றவில்லை.

நாலு வருடத்துக்குப் பிறகு, ஆலை மெசின் ஓடிக்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில், தெரியாத எண்ணிலிருந்து செய்தி ஒன்று வந்தது. கையில் மாவோடு திறந்தாள்.

'அக்கா நான் தனுஷா, நெடுங்கேணி. பிரதீபன்ர மனிசி. உங்கட நம்பர் எங்கட குழுவில ஒரு ஆள் தந்தவா. என்னையும் மந்தம் எண்டுதான் கூப்பிடுறார். முதல் மனிசிக்கு இருந்த வருத்தம் உனக்கும் இருக்கு, அதுதான் அடி விழுது எண்டுறார். நானும் அப்பிடித்தான் நினைச்சு ஒளிச்சுப் போய் ரத்தம் சோதிச்சன். நேற்று பதில் வந்தது. எனக்கு ஒண்டும் இல்லையாம், எல்லாம் சரியாம். அக்கா, இஞ்சயிருந்து மல்லாவிக்கு வாறதெண்டால் எத்தினை மணி பஸ்ஸில ஏற வேணும்?'